ஒப்ஷன் விற்றவன் வைக்கும் பிணைப்பணம்

1973 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 26 ஆந் திகதி, அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரிலே ஒரு புதிய சந்தை திறக்கப்பட்டது. தானிய வணிகத்துக்குப் பெயர்போன சிக்காகோ வணிகச் சபையின் அங்கத்தினர்கள் புகைபிடிப்பதற்கென ஒதுக்கியிருந்த மண்டபமொன்றே அச்சந்தையின் முதல் இருப்பிடம். அன்று அங்கே பதினாறு கம்பனிகளின் பங்குகள் மீது எழுதப்பட்ட 911 ஒப்பந்தங்கள் கைமாறின. பங்குகள் கைமாறவில்லை, பங்குகளை வாங்குதற்குரிய உரிமைகளே கைமாறின. ஒப்ஷன் என்று இன்று உலகெங்கும் வழங்கும் தெரிவுரிமை ஒப்பந்தங்களுக்கென்றே நிறுவப்பட்ட முதற் சந்தை அதுவாகும். விற்கும் உரிமைகள் அங்கு விலைக்கு வந்தது அதன்பின் நான்கு ஆண்டுகள் கழித்து, 1977 இலே.

ஒப்ஷனை வாங்குபவன் விலையைச் செலுத்தியதும் அவனுடைய கடமை முடிந்துவிடுகிறது. அவன் இழக்கக்கூடியது தான் கொடுத்த பணத்தை மாத்திரமே. விற்றவன் நிலை வேறு. அவன் இன்று சிறுதொகை ஒன்றைப் பெற்றுக்கொண்டு, நாளை பெருந்தொகை கொடுக்க நேரலாம் என்ற வாக்குறுதியைத் தலைமேல் ஏற்றுக்கொள்கிறான். அந்த வாக்கை அவன் காப்பாற்றுவான் என்பதற்குப் பிணை யாது? அப்பிணைக்காக அவன் கட்டிவைக்க வேண்டிய பணத்தின் அளவு எவ்வாறு கணிக்கப்படுகிறது? மார்ஜின் என்று சந்தையார் கூறும் இப்பிணைப்பணத்தின் வரலாறு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றிலே இரு கணக்கு முறைகள் ஒன்றையொன்று தொடர்ந்து வந்து, இன்று இரண்டும் பக்கத்துப் பக்கமாக நடைபெறுகின்றன.

பேச்சுக்கு உதாரணமாக ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். அதன் இன்றைய விலை 100 டொலர். அப்பங்கை 95 டொலருக்கு விற்கும் உரிமையை ஒருவன் இன்னொருவனுக்கு விற்கிறான். உரிமையின் ஆயுள் 75 நாள். பங்கு ஒன்றுக்கு 3 டொலர் 15 சதம் விலையாகப் பெறுகிறான். ஓர் ஒப்பந்தம் நூறு பங்குகளைக் கொண்டதாகையால், அவன் கையில் வருவது 315 டொலர். பங்கு விலை 95 இற்குக் கீழே இறங்காதிருப்பின் அப்பணம் முழுவதும் அவனுக்கே. விலை 70 இற்கு வீழ்ந்தால், 70 டொலர் பெறுமதியுள்ள பங்கை 95 டொலர் கொடுத்து அவன் வாங்கியே தீரல் வேண்டும். அப்போது நூறு பங்குகளுக்கு 2,500 டொலர் கையை விட்டுப் போகும். அவன் தொழில், வீட்டுக்கும் கப்பலுக்கும் காப்புறுதி வழங்குவோனுடைய தொழிலைப் போன்றது. வேறுபாடு ஒன்றுண்டு: கப்பல்கள் ஒவ்வொன்றாக மூழ்கும், பங்கு விலைகளோ பெரும்பாலும் ஒரே நாளில் எல்லாம் சேர்ந்து வீழும்.

வாங்கியவன் விற்றவனைத் தேடிப் போவதில்லை. இருவருக்கும் இடையே தீர்வகம் ஒன்று நிற்கிறது. அது வாங்கியவனுக்கு விற்றவனாகவும், விற்றவனுக்கு வாங்கியவனாகவும் தன்னை அமைத்துக்கொள்கிறது. எவன் கைவிரித்தாலும் மற்றவனுக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பு தீர்வகத்தைச் சாரும். ஆகவே தீர்வகம் தரகரிடமும், தரகர் தம் வாடிக்கையாளரிடமும் பிணைப்பணம் கேட்கின்றனர். அப்பணத்திலே இரு கூறுகள் உள்ளன. விற்ற உரிமையை இன்று திரும்ப வாங்கி விடுவதானால் என்ன செலவாகும் என்பது முதற்கூறு. அதனைச் சந்தை விலையே சொல்லிவிடும். இன்று திரும்ப வாங்காமல் நாளையோ மறுநாளோ வாங்க நேர்ந்தால் அதற்கு மேலும் எவ்வளவு செலவாகலாம் என்பது இரண்டாங் கூறு. முதற்கூறில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வழக்கெல்லாம் இரண்டாங் கூறு பற்றியதே.

தொடக்கத்தில் அதற்கு விடையாக வந்தது நிலையான வீதமுறை. பங்குச் சந்தையில் கடனுக்கு வாங்கியோர் 1929 ஆம் ஆண்டின் வீழ்ச்சியில் அழிந்ததைக் கண்ட அமெரிக்க அரசு, 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், பங்குகளுக்கான பிணை வீதத்தை விதிக்கும் அதிகாரத்தை நாட்டின் மத்திய வங்கியாகிய பெடரல் ரிசேர்விடம் ஒப்படைத்தது. அந்த அதிகாரத்தின் கீழ் எழுந்த விதித்தொகுதி 'ரெகுலேசன் டீ' எனப்படும். ஒப்ஷன் விற்போர்க்கான விதிகளும் அந்த மரபையே தழுவின. ஆரம்ப ஆண்டுகளிலே பங்கு விலையில் நூற்றுக்கு 30 வீதம் கேட்கப்பட்டது. பின்னர் விதி பலமுறை மாற்றப்பட்டு இன்றைய வடிவை அடைந்தது.

இன்றைய வடிவு பின்வருமாறு. ஒப்ஷனின் நடப்பு விலையுடன் பங்கு விலையில் 20 வீதத்தைக் கூட்டுக. பங்கு விலை ஒப்பந்த விலைக்கு எவ்வளவு தூரத்தில் விற்றவனுக்குச் சாதகமாக நிற்கிறதோ அத்தூரத்தைக் கழிக்க. நமது உதாரணத்தில் 3 டொலர் 15 சதத்துடன் 20 டொலரைக் கூட்டி, 100 இற்கும் 95 இற்கும் இடையிலுள்ள 5 டொலரைக் கழித்தால், 18 டொலர் 15 சதம் வரும். நூறு பங்குக்கு 1,815 டொலர். அதில் 315 டொலர் அவன் பெற்ற உரிமை விலையே. மீதி 1,500 டொலரை அவன் தன் கையிலிருந்து வைத்தல் வேண்டும். தூரம் மிகுந்து கழிவு பெரிதாகும்போது பிணை ஒன்றுமில்லாமற் போய்விடாதபடி ஒரு கீழெல்லையும் உண்டு: விற்கும் உரிமைக்கு ஒப்பந்த விலையில் 10 வீதத்தையும் நடப்பு விலையையும் கூட்டிய தொகைக்குக் குறையலாகாது. பல கம்பனிகள் சேர்ந்த பரந்த சுட்டெண்களுக்கு 20 வீதத்துக்குப் பதிலாக 15 வீதம் போதும். பல பங்குகள் சேர்ந்த தொகுதி ஒரு பங்கைப் போல் அத்தனை திடீரெனத் துள்ளாது என்பது காரணம்.

இம்முறையின் சிறப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு துண்டுக் கடதாசியும் பென்சிலும் உள்ள எவனும் தன் பிணையைத் தானே கணிக்கலாம். தரகர் சொல்லும் கணக்குச் சரியா என்று சோதிக்கலாம். நாளை பங்கு விலை 90 ஆனால் எவ்வளவு கேட்கப்படும் என்பதை இன்றைக்கே அறியலாம். ஆனால் அவ்வெளிமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் குறையும் புலப்படும். விதி பங்கின் குணத்தைக் கேட்பதில்லை. பத்தாண்டுகளாக அசையாது கிடக்கும் மின்சாரக் கம்பனிக்கும், ஒரே நாளில் 15 வீதம் ஏறி இறங்கும் புதுக் கம்பனிக்கும் ஒரே வீதம். நம் ஊர் அடைவு கடைக்காரர் சங்கிலியையும் காப்பையும் தனித்தனியே தராசில் வைத்து, நிறைக்கு இத்தனை ரூபாய் என்று எழுதுவதைப் போல, விதியும் ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் தனித்தனியே நிறுக்கிறது.

தனித்தனியே என்பதற்கு விதிவிலக்குகள் உண்டு. சில சேர்க்கைகளை விதி பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிறது. பங்கைக் கையில் வைத்துக்கொண்டு அதை வாங்கும் உரிமையை விற்றவனிடம் அந்த ஒப்ஷனுக்கெனத் தனிப்பிணை கேட்பதில்லை. கொடுக்க வேண்டிய பங்கு அவனிடமே இருக்கிறது. ஒரே பங்கின் வாங்கும் உரிமையையும் விற்கும் உரிமையையும் சேர்த்து விற்றவனிடம் இரண்டுக்கும் முழுப்பிணை கேட்பதில்லை. விலை ஒரே நேரத்தில் மேலும் கீழும் போகாதாகையால், பெரிய பிணையையும் மற்றதன் நடப்பு விலையையும் கேட்டு அமைகிறது. இவ்வாறு ஒரு சமையற் குறிப்புப் புத்தகம் போல விதி அமைந்துள்ளது. குறிப்பில் உள்ள பண்டமாயின் சலுகை உண்டு, இல்லையாயின் இல்லை.

இதனால் எழும் இடரை நமது விற்பனையாளனையே கொண்டு காண்போம். 75 நாள் உரிமையை விற்ற அவன், எச்சரிக்கை உள்ளவனாய், அதே பங்கை அதே 95 டொலருக்கு விற்கும் உரிமை ஒன்றை 45 நாள் ஆயுளுடன் தானும் வாங்கிக்கொள்கிறான் என்று வைப்போம். அதற்கு அவன் கொடுப்பது 2 டொலர் 5 சதம். இனி முதல் 45 நாளுக்குப் பங்கு விலை எவ்வளவு வீழ்ந்தாலும், அவன் விற்ற உரிமையால் வரும் நட்டத்தை வாங்கிய உரிமை ஏறக்குறைய முழுதும் ஈடுசெய்யும். ஆயினும் நிலையான விதி கூறுவது யாதெனில், காவலாக வாங்கிய உரிமை விற்ற உரிமைக்கு முன்னதாக முடிந்துபோகுமாயின் அது காவலே அன்று என்பதாம். எனவே 1,500 டொலரில் ஒரு சதமும் குறையாது. நாற்பத்தைந்து நாளுக்குக் குடை இருந்தும் மழையில் நனைபவனாகவே விதி அவனைக் கருதுகிறது.

இந்நிலையில் வந்தது 1987 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19 ஆந் திகதி. அன்றைய திங்கட்கிழமையில் நியூ யோர்க்கின் டவ் ஜோன்ஸ் சுட்டெண் 508 புள்ளி, அதாவது நூற்றுக்கு 22 வீதத்துக்கு மேல் வீழ்ந்தது. 500 கம்பனிகளின் சுட்டெண்ணும் 20 வீதமளவு வீழ்ந்தது. சந்தை நெடுநாள் ஏறிக்கொண்டிருந்த அக்காலத்தில், சுட்டெண்ணின் விற்கும் உரிமையை விற்பது கைமேற் கிடைத்த வருமானமாகப் பலருக்குத் தோன்றியிருந்தது. வெகு தூரத்திலுள்ள ஒப்பந்த விலைகளை மலிவாக விற்று, அவை பெறுமதியின்றி முடிவதைக் கண்டு மகிழ்ந்திருந்தோர், ஒரே பகலில் தங்கள் கணக்கிலிருந்த பணத்தைப் போலப் பன்மடங்கு கடனாளி ஆயினர். அவர்களுடைய கடனைத் தரகர்களே தீர்வகத்துக்குக் கட்ட வேண்டியதாயிற்று. சிக்காகோவில் பெரிய ஒப்ஷன் தீர்ப்பு நிறுவனமாக விளங்கிய பர்ஸ்ட் ஒப்ஷன்ஸ், தன்னை உடைமையாகக் கொண்டிருந்த கொன்டினென்டல் இலினோய் வங்கியிடம் பணம் பெற்றே நிலைக்க நேர்ந்தது.

அவ்வீழ்ச்சியிலிருந்து சந்தையார் இரு பாடங்கள் எடுத்தனர். அவை ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். ஒன்று, காவலின்றி விற்றவனிடம் கேட்ட வீதம் போதவில்லை என்பது. அதனால் 1988 இல் வீதங்கள் உயர்த்தப்பட்டன. மேலே கூறிய 20 உம் 15 உம் அப்போது வந்தவை. மற்றொன்று, காவலுடன் விற்றவனிடம் தேவைக்கு மிஞ்சிக் கேட்கப்பட்டது என்பது. பணமுடை கடுமையான அந்த வாரத்திலே, ஒருபுறம் நட்டமும் மறுபுறம் அதே அளவு இலாபமும் உடைய வணிகர்கள்கூட, இலாபத்தைக் கண்ணிற் கொள்ளாத விதிகளால் ரொக்கம் தேடி அலைய நேர்ந்தது. வீதத்தை எவ்வளவு திருத்தினாலும் இவ்விரு குறைகளும் ஒருங்கே தீரமாட்டா. கேள்வியையே மாற்றுதல் வேண்டும்.

மாறிய கேள்வி இது: இம்மனிதனின் கணக்கில் உள்ள யாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால், நாளை சந்தை இன்னின்னவாறு நகருமாயின், மொத்தத்தில் அவன் எவ்வளவு இழப்பான்? பங்கு ஒப்ஷன்களுக்குரிய தீர்வகம் இக்கேள்வியின் அடிப்படையில் 1986 இலே 'டிம்ஸ்' என்னும் முறையொன்றைத் தரகர்களிடையே புகுத்தியிருந்தது. 1988 இலே சிக்காகோ மேர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச் என்னும் முன்னொப்பந்தச் சந்தை 'ஸ்பான்' என்னும் முறையை வகுத்தது. இரண்டிலும் ஸ்பான் முறையே பின்னர் உலகெங்கும் பரவியது. சிங்கப்பூரும் இந்தியாவும் அதனைத் தத்தம் சந்தைகளில் ஏற்றுக்கொண்டன.

ஸ்பான் பதினாறு காட்சிகளைக் கற்பனை செய்கிறது. முதலில் ஒவ்வொரு பண்டத்துக்கும், ஒரு நாளில் விலை எவ்வளவு தூரம் போகலாம் என்னும் வீச்சு ஒன்றைச் சந்தையின் இடர்க் குழுவினர் பழைய விலைகளை ஆராய்ந்து தீர்மானிக்கின்றனர். விலை அசையாதிருத்தல், வீச்சில் மூன்றிலொரு பங்கு, மூன்றிலிரு பங்கு, முழுவீச்சு ஆகிய தூரங்கள் மேலே போதல், அதேபோலக் கீழே போதல் என ஏழு நிலைகள் பிறக்கின்றன. ஒவ்வொரு நிலையிலும் விலைத் தளம்பல் கூடியிருந்தால் ஒரு காட்சி, குறைந்திருந்தால் ஒரு காட்சி. ஏழிரண்டு பதினான்கு. தளம்பல் என்பது வருங்காலத்தில் விலை எவ்வளவு துள்ளும் என்று சந்தையார் கொண்டுள்ள எதிர்பார்ப்பு. துள்ளல் கூடும் என்ற அச்சம் எழுந்தவுடன், பங்கு விலை ஒரு சதமும் அசையாதிருக்கும்போதே ஒப்ஷனின் விலை ஏறிவிடும். நமது 75 நாள் உரிமையின் விலையில் அடங்கியிருக்கும் தளம்பல் ஆண்டுக்கு 30 வீதமாகும். அது 45 வீதம் ஆனால், பங்கு 100 டொலரிலேயே நிற்க, 3 டொலர் 15 சதமாக இருந்த உரிமை 5 டொலர் 68 சதம் அளவுக்கு உயரும். விற்றவன் இருந்த இடத்திலிருந்தே 253 டொலர் இழப்பான்.

பதினைந்தாம், பதினாறாம் காட்சிகள் வெகு தூரத்து ஒப்பந்தங்களை விற்போருக்காக அமைக்கப்பட்டவை. அவற்றில் விலை முழுவீச்சைக் கடந்து பன்மடங்கு மேலும் கீழும் போனதாகக் கொள்ளப்படும். அவ்வாறு நேர்வது அரிது என்பதால், வரும் நட்டத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மாத்திரமே கணக்கில் எடுக்கப்படும். பதினாறு காட்சிகளிலும் எதில் நட்டம் மிகப் பெரியதோ அதுவே அடிப்படைப் பிணை. வெவ்வேறு மாதத்து ஒப்பந்தங்கள் ஒன்றுபோல் நகராமற் போகலாம் என்பதற்காகச் சிறிது கூட்டப்படும்; உறவுள்ள பண்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பதற்காகச் சிறிது கழிக்கப்படும். பதினாறு காட்சிகளுள் எதிலும் நட்டம் தோன்றாத அளவு தொலைவில் உள்ள உரிமையை விற்றவனிடமும், ஒப்பந்தம் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு குறைந்த தொகை அறவிடப்படும். 1987 இலே ஏமாந்தோர் பலர் அத்தகைய தொலைவில் விற்றவர்களே.

இவ்வளவு கணக்கையும் ஒவ்வொரு தரகரும் எவ்வாறு செய்வர் என்று நேயர்கள் ஐயுறலாம். இங்கேதான் ஸ்பான் வகுத்தோரின் சாதுரியம் இருக்கிறது. கடினமான கணிதத்தை, அதாவது ஒவ்வொரு காட்சியிலும் ஒவ்வோர் ஒப்ஷனும் என்ன விலை பெறும் என்பதை, சந்தையே மாலையில் ஒருமுறை கணித்துவிடுகிறது. ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் பதினாறு எண்கள் கொண்ட வரிசையொன்று தரகர்களுக்கு அனுப்பப்படுகிறது. தரகர் செய்ய வேண்டியது, வாடிக்கையாளரிடம் உள்ள ஒப்பந்த எண்ணிக்கையால் பெருக்கி, வரிசைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துக் கூட்டுவதே. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் செய்யக்கூடிய அக்கூட்டலை 1988 ஆம் ஆண்டின் சிறிய கணினிகள் தயக்கமின்றிச் செய்தன.

முன்னொப்பந்தச் சந்தைக்கு 1988 இல் வந்த இத்தகைய கணக்கு, பங்கு ஒப்ஷன் விற்கும் சாதாரண வாடிக்கையாளனை அடைய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. தாமதத்துக்குக் கணிதம் காரணமன்று, சட்டமே காரணம். முன்னொப்பந்தச் சந்தைகள் தங்கள் பிணையைத் தாமே வகுத்துக்கொள்ள உரிமை பெற்றிருந்தன. பங்குச் சந்தையோ 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிடியில் இருந்தது. 1998 இலே பெடரல் ரிசேர்வ் தன் விதியைத் தளர்த்தி, சந்தைகள் தொகுப்பு முறையில் பிணை கணிக்க வழிவிட்டது. 2005 இலே சுட்டெண் ஒப்ஷன்களுக்குப் பரீட்சார்த்தமாக அம்முறை அனுமதிக்கப்பட்டது. 2007 ஏப்பிரல் 2 ஆந் திகதி முதல் தனிப் பங்குகளின் ஒப்ஷன்களுக்கும் அது விரிந்தது. 2008 இலே பரீட்சை என்னும் பெயர் நீங்கி நிலைபெற்றது. எல்லோருக்கும் அல்ல, கணக்கில் ஓர் இலட்சம் டொலருக்குக் குறையாத பணமுடையோர்க்கே தரகர்கள் இவ்வாயிலைத் திறக்கின்றனர்.

இம்முறையில் தனிப் பங்குக்கு விலை 15 வீதம் மேலும் 15 வீதம் கீழும் போவதாகக் கொண்டு, இடையில் சம தூரத்தில் பத்துப் புள்ளிகள் குறிக்கப்படுகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் அப்பங்கையொட்டி வாடிக்கையாளனிடம் உள்ள யாவும் மீண்டும் விலை மதிக்கப்படும். மிகப் பெரிய மொத்த நட்டம் எதுவோ அதுவே பிணை. இனி நமது விற்பனையாளனிடம் திரும்புவோம். காவலின்றி 75 நாள் உரிமையை மாத்திரம் விற்றிருந்தானாயின், பங்கு 85 டொலருக்கு இறங்கும் புள்ளியே அவனுக்குப் பெருநட்டம். அங்கே அந்த உரிமை ஏறக்குறைய 11 டொலர் 42 சதம் பெறும். 3 டொலர் 15 சதத்துக்கு விற்றவன் ஆகையால் நட்டம் 8 டொலர் 27 சதம். ஒப்பந்தத்துக்கு 827 டொலர். நிலையான விதி கேட்ட 1,500 இன் இடத்தில் இது.

காவலாக 45 நாள் உரிமையையும் வாங்கியிருப்பானாயின் கணக்கு இன்னும் வியப்பானது. 85 டொலர்ப் புள்ளியில் வாங்கிய உரிமை 10 டொலர் 70 சதம் ஆகிறது. விற்றதில் 8 டொலர் 27 சதம் நட்டம், வாங்கியதில் 8 டொலர் 65 சதம் இலாபம். வீழ்ச்சியில் அவன் இழப்பதற்குப் பதிலாகச் சிறிது பெறுகிறான். 115 டொலர்ப் புள்ளியிலும் அவ்வாறே. எல்லாப் புள்ளிகளையும் பார்த்தால், 95 இன் அண்மையில் சில டொலர் நட்டம் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் விதியின் கீழெல்லையே பிணையாகிறது: ஒப்பந்தம் ஒன்றுக்கு 37 டொலர் 50 சதம், இரண்டுக்கும் 75 டொலர். நிலையான விதியின்படி 1,500. தொகுப்பு முறைப்படி 75. மனிதனும் ஒப்பந்தங்களும் அவையே.

இருபது மடங்கு வேறுபாட்டைக் கண்டவுடன் புதுமுறையே மேலானது என்று துணிந்துவிடுதல் எளிது. ஆனால் நாட்காட்டியைச் சற்று முன்னே தள்ளிப் பார்த்தல் வேண்டும். 45 ஆம் நாள் வருகிறது. பங்கு சரியாக 95 டொலரில் நிற்கிறது என்று வைப்போம். வாங்கிய உரிமை பெறுமதியின்றி முடிந்துபோகிறது. விற்ற உரிமைக்கோ இன்னும் 30 நாள் உயிர் இருக்கிறது. அதன் விலை ஏறக்குறைய 3 டொலர் 26 சதம். இப்போது பங்கு 15 வீதம் வீழ்ந்தால் 80 டொலர் 75 சதத்தில் நிற்கும். விற்ற உரிமை 14 டொலர் 34 சதமளவு ஆகும். பிணை 1,108 டொலர். வெள்ளிக்கிழமை 75 டொலர் வைத்திருந்தவனிடம் திங்கட்கிழமை 1,100 டொலருக்கு மேல் கேட்கப்படுகிறது. பங்கு விலையில் ஒரு மாற்றமும் நேரவில்லை. நாள் ஒன்றுதான் கடந்தது. ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தவன் தாங்கிக்கொள்வான். 75 டொலர் போதும் என்று கண்டு இருபது ஒப்பந்தம் எழுதியவனிடம் 22,000 டொலர் கேட்கப்படும். பற்றாக்குறையைச் செலுத்த இம்முறை தரும் தவணை மூன்று வேலை நாள். தரகர் அதுவரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்தப் பாய்ச்சலை முன்கூட்டியே அறிய அனுபவசாலிகள் கையாளும் வழி ஒன்றுண்டு. முதலில் முடியும் ஒப்பந்தங்கள் யாவற்றையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சியவற்றுக்குப் பிணை என்னவாகும் என்று இன்றைக்கே கணித்துப் பார்ப்பர். இன்றைய பிணைக்கும் அக்கணக்குக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவோ, அவ்வளவு பணம் வேறாகக் கையிருப்பில் இருத்தல் வேண்டும். நிலையான விதி பிடிவாதமாகக் குடையை ஏற்காதிருந்ததன் பொருள் இங்கே தான் விளங்கும். அவ்விதி 45 நாளும் மிகையாகக் கேட்டது மெய். ஆனால் 46 ஆம் நாள் அதன் கேள்வியில் பெரும் பாய்ச்சல் இல்லை.

வேறொரு குறையை 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி 5 ஆந் திகதி வெளிப்படுத்தியது. அதற்கு முந்திய ஆண்டு முழுவதும் அமெரிக்கச் சந்தை வழமைக்கு மாறான அமைதியுடன் இருந்தது. அன்று 500 கம்பனிச் சுட்டெண் 4 வீதமளவு வீழ்ந்தது. பெரிய சுட்டெண்களுக்குத் தொகுப்பு முறை கற்பனை செய்யும் வீழ்ச்சி 8 வீதம். அதில் பாதிதான் அன்று நிகழ்ந்தது. ஆயினும் எதிர்பார்ப்புத் தளம்பலை அளக்கும் 'விக்ஸ்' சுட்டெண் ஒரே நாளில் 17 இலிருந்து 37 இற்குத் தாவியது. தொலைவிலுள்ள ஒப்பந்தங்களை விற்றிருந்தோர், தங்கள் ஒப்பந்த விலையை சுட்டெண் நெருங்காதிருக்கும்போதே, விற்ற உரிமைகளின் விலை பன்மடங்கு ஏறக்கண்டனர். 2007 ஆம் ஆண்டு விதியில் குறித்த பத்துப் புள்ளிகளும் விலைக்கே உரியன. தளம்பலுக்கெனத் தனிப்புள்ளி அங்கில்லை. ஸ்பான் முறையில் தளம்பலுக்குக் காட்சிகள் உண்டு. அக்காட்சிகளிலே தளம்பல் எவ்வளவு தாவும் என்று வைப்பது முன்னைய அனுபவத்தைப் பொறுத்ததாகையால், நெடுநாள் அமைதிக்குப் பின் அதுவும் சிறுத்துவிடக்கூடும்.

இங்கே ஒரு சுழற்சி தோன்றுகிறது. சந்தை அமைதியாக இருக்குமளவு வீச்சுச் சுருங்கும். வீச்சுச் சுருங்கப் பிணை குறையும். பிணை குறைய ஒரே பணத்தைக் கொண்டு கூடுதலாக விற்பர். சந்தை கலங்கியதும் வீச்சு அகலும். எல்லோரிடமும் ஒரே நாளில் கூடுதற் பணம் கேட்கப்படும். கொடுக்க இயலாதோர் விற்ற உரிமைகளை எந்த விலைக்கேனும் திரும்ப வாங்குவர். அவ்வாங்கலே விலையை மேலும் ஏற்றும். நிலையான 20 வீதத்தில் இச்சுழற்சி இல்லாமலில்லை, ஒப்ஷன் விலை ஏறும்போது அங்கும் பிணை ஏறும். ஆனால் வீதம் அசைவதில்லையாகையால் அதன் வேகம் குறைவு. இதனை உணர்ந்த தரகர்கள் சந்தை விதிக்கும் தொகையைக் கீழெல்லையாகவே கொண்டு, தம் கணக்கில் இன்னும் கடுமையான காட்சிகளை வைத்துக் கூடுதலாகக் கேட்பதும் உண்டு. பங்கு 15 வீதமன்றி 30 வீதம் வீழ்ந்தால் என்ன என்று பார்ப்பதும் அவற்றுள் அடங்கும்.

தீர்வகங்கள் இதற்கிடையே மேலும் நகர்ந்துவிட்டன. அமெரிக்க ஒப்ஷன் தீர்வகம் 2006 இலே தரகர்களிடம் கேட்கும் பிணைக்கு டிம்ஸ் முறையை விட்டு, பத்துப் பதினாறு காட்சிகளுக்குப் பதிலாகப் பல்லாயிரம் காட்சிகளைக் கணினியில் எறிந்து பார்க்கும் 'ஸ்ரான்ஸ்' முறையை மேற்கொண்டது. வாடிக்கையாளருக்கான தொகுப்புக் கணக்கு மாத்திரம் டிம்ஸ் வழியிலேயே தொடர்கிறது. எனவே ஒரே மாலையில், ஒரே இரு ஒப்பந்தங்களுக்கு மூன்று கணக்குகள் நடைபெறுகின்றன. தீர்வகம் தரகரிடம் ஒரு தொகை கேட்கிறது. தரகர் சிறிய கணக்குடைய வாடிக்கையாளனிடம் 1,500 டொலர் கேட்கிறார். அடுத்த பக்கத்திலுள்ள பெரிய கணக்குக்காரனிடம் அதே இரு ஒப்பந்தங்களுக்கு 75 டொலர் எழுதி, 45 ஆம் நாளுக்கு எதிரே ஒரு குறியிட்டு வைக்கிறார்.